தந்திர நூலை முதன்முதலாகத் திறப்பவர்களுக்கு

குலார்ணவ தந்திரத்தின் இரண்டாம் உல்லாசத்தில், அதாவது இரண்டாம் அத்தியாயத்தில், சிவன் தேவியிடம் ஒரு கேள்வி போடுகிறார். கள் குடிப்பதால் சித்தி கிடைக்குமென்றால் குடிகாரர்கள் எல்லாரும் சித்தி அடைந்திருக்க வேண்டுமே? அடுத்த சுலோகத்தில் புலாலுக்கும், அதற்கடுத்ததில் பெண் சேர்க்கைக்கும் இதே கேள்வி. இதைப் படித்துவிட்டு மூன்று உல்லாசம் தள்ளிப் போனால், அதே சிவன் பலா, திராட்சை, இலுப்பை, பேரீச்சை, பனை, கரும்பு என்று எதிலெதில் மது இறக்கலாம் என வகை வகையாக எண்ணிக்கொண்டிருக்கிறார்.

தந்திரத்தைப் பற்றி இன்று நடக்கும் சண்டைகளில் பாதி இந்த இரண்டு இடங்களுக்கு இடையில்தான் நடக்கிறது. ஒரு கட்சி முதல் இடத்தை மட்டும் காட்டி "எல்லாம் உருவகம்" என்னும். மறு கட்சி இரண்டாம் இடத்தை மட்டும் காட்டி "எல்லாம் கூத்து" என்னும். ஒரே நூலை முழுதாகப் படித்தால் இரண்டு கட்சியிலும் சேர முடியாது. எப்படிப் படிப்பது என்பதைக் குலார்ணவத்தையே எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் சொல்லைப் பிரித்து வையுங்கள்

தமிழில் "தந்திரம்" என்றவுடன் நமக்குச் சூழ்ச்சி நினைவுக்கு வரும்; தந்திரக்கார நரி வரும். அதற்கடுத்தபடி மந்திர தந்திரம், செய்வினை. ஆனால் வடமொழியில் அது முதலில் தறியில் ஓடும் பாவு நூல். அதிலிருந்து ஒழுங்காகக் கோத்த ஒரு சாத்திரம், ஒரு நூல் என்ற பொருள் வந்தது. திருமந்திரம் ஒன்பது தந்திரமாகப் பகுக்கப்பட்டிருப்பது இந்தப் பொருளில்தான். நன்னூல் சொல்லும் தந்திர உத்தி 32ம் நூல் எழுதும் முறைகளே. அவற்றில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. பஞ்சதந்திரக் கதைகளின் பெயரும் தாந்திரிக வழிபாட்டோடு உறவில்லாதது.

ஆகவே தலைப்பில் "தந்திரம்" என்று இருப்பது ஒரு நூலைத் தாந்திரிகமாக்கிவிடாது. மறுபக்கம், அந்தச் சொல்லே இல்லாத தலைப்புகள் பல அந்த வகையைச் சேர்ந்தவை. இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சைவ தந்திரம் என்று ஆய்வாளர்கள் கருதுவதன் பெயர் நிசுவாச தத்துவ சங்கிதை. அதன் ஓலைச்சுவடி காட்மாண்டுவில் இருக்கிறது. கிரணத்தைக் கிரணாகமம் என்றும் கிரண தந்திரம் என்றும் சொல்வார்கள், மிருகேந்திரமும் அப்படியே. பழைய உரையாசிரியர்களுக்கு ஆகமமும் தந்திரமும் பெரும்பாலும் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர். "ஆகமம் நல்லது, தந்திரம் கெட்டது" என்ற பிரிவினை பின்னால் நம் மனதில் ஏறியது.

"தந்திரம்" என்ற வகைப்பெயர் யாருடையது?

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். புதிதாக வருபவர்கள் அதிகம் வழுக்குவது இந்த இடத்தில்.

தந்திரம் என்ற பெயருடைய நூல்கள் பழையவை. "தாந்திரிகம்" என்ற சொல்லும் வைதிகத்துக்கு இணையாக நம் நூல்களிலேயே உண்டு. ஆனால் சைவம், வைணவம், சாக்தம், பௌத்தம், சமணம் எல்லாவற்றையும் ஊடுருவும் "தந்திரம்" என்றொரு தனி மதப்போக்கு இருக்கிறது என்ற எண்ணம் 19ம் நூற்றாண்டு ஐரோப்பிய ஆய்வில் உருவானது. அன்றைய ஆய்வாளர்களும் பாதிரிமார்களும் தங்களுக்கு உவப்பில்லாதவற்றை அந்தப் பெட்டியில் போட்டார்கள். 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலோன் என்ற புனைபெயரில், அதே பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பது உயர்ந்த தத்துவம் என்று வாதாடினார். பிறகு மேலை நாடுகளில் அது காமக் கலையின் பெயராகிவிட்டது. இகழ்ந்தவர், புகழ்ந்தவர், விற்றவர் மூவரும் வெவ்வேறு ஆட்கள். பெட்டி மட்டும் ஒன்றே.

அதற்காக வகைப்பெயரைத் தூக்கி எறிய வேண்டாம். ஆய்வாளர்கள் இன்று அதை ஒரு குடும்பச் சாயல் போலப் பயன்படுத்துகிறார்கள். தீட்சை பெற்றவருக்கே உரிமை, மந்திரமே தெய்வத்தின் உடல், நியாசத்தால் மந்திரத்தை உடலில் பதிப்பது, மண்டலம், யந்திரம், வழிபடுபவர் தெய்வமாகித் தெய்வத்தை வழிபடுவது, வீடுபேற்றோடு சித்திகளையும் நாடுவது. இவற்றுள் பல சேர்ந்து வந்தால் அந்தக் குடும்பம் என்று கொள்ளலாம். எல்லாம் ஒரே நூலில் வர வேண்டியதில்லை. மதுவும் மாமிசமும் இந்தச் சாயலில் கட்டாயமில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கணக்கில் பார்த்தால் சைவ சித்தாந்த ஆகம பூசை முழுக்க முழுக்கத் தாந்திரிகம். சிவாச்சாரியார் அபிஷேகத்துக்கு முன் பூதசுத்தி செய்கிறார்: தன் உடலில் உள்ள ஐம்பூதங்களையும் பாவனையில் ஒடுக்கி, உடலை எரித்து, அமுதத்தால் நனைத்து, புதிய மந்திர உடலை எழுப்பிக்கொள்கிறார். பிறகுதான் சிவனைத் தொடுகிறார். மதுவின் வாடையே இல்லாத இந்தச் சடங்கைத் தாந்திரிகம் என்றால் பலருக்கு முகம் சுளிக்கும். சுளித்தால் அந்தச் சொல் இன்னும் பழைய பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள்.

நூலின் அடையாளத்தை அதனிடமே கேளுங்கள்

இப்போது குலார்ணவத்தைக் கையில் எடுப்போம். முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல், ஒரு உல்லாசம் முடியும் இடத்துக்குப் போங்கள். ஒவ்வொரு உல்லாசத்தின் முடிவிலும் ஒரு நீண்ட வாக்கியம் இருக்கும். மொழிபெயர்ப்புகளில் இதைச் சுருக்கிவிடுவார்கள் அல்லது விட்டேவிடுவார்கள். எனக்குக் கிடைத்த முதல் பிரதியிலும் அது இல்லை, அதனால் நெடுநாள் நான் இதைக் கவனிக்காமலே இருந்தேன். அந்த வாக்கியம் மூன்று செய்திகளைச் சொல்கிறது. இந்நூல் ஒன்றேகால் லட்சம் கிரந்தம், அதாவது அத்தனை சுலோக அளவு, கொண்ட பெருநூலின் பகுதி, அதில் ஐந்தாம் கண்டம், ஊர்த்துவாம்நாயத்தைச் சேர்ந்தது.

மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஒன்றேகால் லட்சம் என்பதை வரலாற்றுச் செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் கையில் இருப்பது 17 உல்லாசம், 2000 சுலோகத்துக்குச் சற்று மேல். தன்னைவிடப் பெரிய, மறைந்துபோன ஒரு மூலத்திலிருந்து சுருங்கி வந்ததாகச் சொல்லிக்கொள்வது இவ்வகை நூல்களின் வழக்கம். தெய்வ வாக்கு என்ற தகுதியை அப்படித்தான் நிறுவுவார்கள். ஆனால் ஊர்த்துவாம்நாயம் என்பது பயனுள்ள செய்தி. சிவனின் ஐந்து முகங்களில் மேல்நோக்கிய முகத்திலிருந்து பிறந்த மரபு என்று பொருள். அதாவது, இந்நூல் சார்ந்த, சக்தி வழிபாட்டை மையமாகக் கொண்ட கௌல மரபுக்குள்ளேயே பல கிளைகள் இருந்தன, இந்நூல் அவற்றில் ஒன்றை உச்சியில் வைத்துப் பேசுகிறது.

அடுத்து இரண்டாம் உல்லாசத்தின் தொடக்கத்துக்கு வாருங்கள். அங்கே ஒரு ஏணி இருக்கிறது. எல்லாவற்றையும்விட வேதம் உயர்ந்தது, வேதத்தைவிட வைணவம், அதைவிடச் சைவம், அதைவிட வலப்பக்க நெறியான தட்சிணம், அதைவிட இடப்பக்க நெறியான வாமம், அதைவிடச் சித்தாந்தம், சித்தாந்தத்தைவிடக் கௌலம். கௌலத்துக்கு மேல் ஒன்றுமில்லை. நாம் "தந்திரம்" என்று ஒரே மூச்சில் சொல்வதில் குறைந்தது நான்கு படி இந்நூலுக்குத் தனித்தனி. சித்தாந்தத்தை இகழாமல் தனக்கு ஒரு படி கீழே உட்கார வைக்கிறது. ஒரு சித்தாந்த ஆசாரியர் இந்த ஏணியை ஒப்ப மாட்டார், அவர் ஏணி வேறு.

ஆகவே குறிப்பேட்டில் எழுத வேண்டியது "தந்திரம் இப்படிச் சொல்கிறது" என்று அல்ல. "கௌல நூலாகிய குலார்ணவம், ஊர்த்துவாம்நாயத்தின் பக்கம் நின்று இப்படிச் சொல்கிறது" என்று எழுதுங்கள். வாக்கியம் நீளும்தான். ஆனால் பின்னால் வேறொரு நூல் இதற்கு நேர்மாறாகச் சொல்லும்போது முரண்பாடு என்று திகைக்க மாட்டீர்கள்.

ஒரு பகுதியை முன்னும் பின்னும் படிக்கும் முறை

மது வரும் இடங்களை வரிசையாக அடுக்குவோம். இதற்கு ஒரு தாளை மூன்றாகக் கோடு போட்டு, எங்கே வருகிறது, யாரிடம் பேசுகிறது, அங்கே அதன் வேலை என்ன என்று குறித்துக்கொண்டாலே போதும்.

முதல் இடம் இரண்டாம் உல்லாசம். குடிகாரர் கேள்வி இங்கேதான். அதைத் தனி மேற்கோளாகப் பார்த்தால் மதுவை மறுப்பது போலத் தெரியும். கொஞ்சம் கீழே போனால் அதன் வேலை விளங்கும்: கத்தி முனையில் நடப்பதையும், புலியின் கழுத்தைக் கட்டிக்கொள்வதையும், பாம்பைக் கையில் பிடிப்பதையும்விடக் குல ஒழுக்கம், அதாவது கௌல நெறியில் நடப்பது, கடினம் என்கிறது நூல். சடங்கை விலக்கச் சொல்லும் பேச்சு இது இல்லை. குரு இல்லாமல், முறை தெரியாமல், சாக்குச் சொல்லிக் குடிக்கும் தன் பக்கத்து ஆட்களைத் திட்டும் பேச்சு. எவனோ அப்படிச் செய்துகொண்டிருந்ததால்தானே இவ்வளவு கோபம் வருகிறது?

இரண்டாம் இடம் ஐந்தாம் உல்லாசத்தின் முன்பகுதி. இங்கே பாத்திரம் எதில் செய்வது, மது எவற்றில் இறக்குவது என்ற விவரம். அதைத் தொடர்ந்து ஆறாம் உல்லாசத்தில் அந்தப் பொருளை மந்திரத்தால் சுத்தி செய்யும் முறை வருகிறது. உருவகத்துக்கு இத்தனை பாத்திரக் கணக்கு தேவையில்லை. பலாவா பனையா என்று ஒருவர் கவலைப்படுகிறார் என்றால், அவர் முன் உண்மையான குடம் இருக்கிறது.

மூன்றாம் இடம் அதே ஐந்தாம் உல்லாசத்தின் கடைசிச் சுலோகங்கள். மூலாதாரத்திலிருந்து பிரமரந்திரம் வரை திரும்பத் திரும்பச் சென்று, குண்டலினி சக்தி சித்சந்திரனோடு கலக்கும்போது வான் தாமரையிலிருந்து ஒழுகும் அமுதைப் பருகுபவனே பானம் செய்பவன். மற்றவர்கள் வெறும் குடிகாரர்கள். புண்ணிய பாவம் என்ற விலங்கை ஞான வாளால் வெட்டுபவனே புலால் உண்பவன். புலன்களை மனத்தால் அடக்கி ஆன்மாவில் சேர்ப்பவனே மீன் உண்பவன். மற்றவர்கள் உயிர்க்கொலை செய்பவர்கள். பராசக்தியும் ஆன்மாவும் கூடும் இன்பத்தில் நிறைந்திருப்பதே மைதுனம்.

உருவகக் கட்சிக்காரர்கள் இந்த மூன்றாம் இடத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். காட்டுவது சரிதான், அது நூலில் இருக்கிறது. ஆனால் குடக் கணக்குக்கு நூறு சுலோகம்கூடத் தள்ளி இல்லாத இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள். இரண்டையும் ஒரே உல்லாசத்தில் வைத்த ஆசிரியருக்கு இரண்டும் வேண்டியிருந்தது என்று கொள்வதே எனக்கு நேர்மையாகப் படுகிறது. வெளிச்சடங்கு உண்டு, உள்ளே அந்த அனுபவம் நிகழாவிட்டால் வெளிச்சடங்கு செய்தவன் வெறும் குடிகாரன். உட்பொருள் இங்கே சடங்கை அளக்கும் கோல். அதையே சடங்கை அழிக்கும் ரப்பராக ஆக்குவது நம் வேலை, நூலின் வேலையில்லை.

சுலோக எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பதிப்புக்குப் பதிப்பு எண் ஒன்றிரண்டு நகரும். ஆகவே எண்ணோடு பதிப்பின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே குறியுங்கள். இணையத்தில் எண் இல்லாமல் சுற்றும் "தந்திர மேற்கோள்" எதையும் மூலத்தில் கண்டுபிடிக்கும் வரை நம்ப வேண்டாம்.

காலத்தில் முன்னும் பின்னும் ஒரு எட்டு

ஒரு நூலை முடித்தபின், அதே பொருளை அதற்கு முந்தைய நூலொன்றிலும் பிந்தைய நூலொன்றிலும் பாருங்கள். 1000ம் ஆண்டை ஒட்டிக் காஷ்மீரில் வாழ்ந்த அபிநவகுப்தரின் தந்திராலோகம், கௌல சடங்கைச் சொல்லும் 29ம் பகுதியில் "ம" எழுத்தில் தொடங்கும் சடங்குப் பொருள்களில் மூன்று மகாரங்களையே பேசுகிறது: மது, மாமிசம், மைதுனம். ஐந்து மகாரப் பட்டியல் பின்னால் பரவியது. பிறகு வங்காளத்தோடு தொடர்புடைய, மிகப் பிந்தையதாகக் கருதப்படும் மகாநிர்வாண தந்திரத்துக்கு வந்தால், கலியுகத்தில் இல்லறத்தாருக்கு மதுவுக்குப் பதிலாகப் பால், சர்க்கரை, தேன் மூன்றும் போதும் என்கிறது. உட்ராஃப் 1913ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது இந்த நூலைத்தான். தந்திரத்துக்கு வக்காலத்து வாங்கப் புறப்பட்டவர் இவ்வளவு சாதுவான நூலிலிருந்து தொடங்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நூலுக்கும் நடைமுறைக்கும் நடுவில் பத்ததி

மூல தந்திரத்தைப் படித்தே சடங்கை அறிந்துவிடலாம் என்று நினைப்பது இன்னொரு வழுக்கல். மூலநூல் பாதியைச் சொல்லாது. மந்திரத்தை எழுத்துச் சங்கேதத்தில் மறைக்கும். வரிசையை மாற்றி வைக்கும். உண்மையில் கையில் வைத்துச் சடங்கு செய்ய எழுதப்பட்டவை பத்ததிகள். தமிழ்நாட்டுச் சிவாச்சாரியார்களுக்குத் தெரிந்த பெயர், 12ம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட அகோர சிவாசாரியாரின் கிரியாக்கிரமத்தியோதிகை. காலையில் எழுவதிலிருந்து எந்தக் கை, எந்த விரல், எந்த மந்திரம் என்று அது அழைத்துப் போகும். இது போன்ற ஆகமச் சுவடிகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1955லிருந்து திரட்டி வைத்திருக்கிறது. அந்தச் சைவச் சுவடித் தொகுப்பு 2005ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது.

பத்ததியும்கூட "இப்படிச் செய்ய வேண்டும்" என்றுதான் சொல்கிறது. இப்படித்தான் நடந்தது என்பதற்கு அது சாட்சியாகாது. அதற்குக் கல்வெட்டும் கண்ணால் காண்பதும் வேண்டும். காஞ்சி கைலாசநாதர் கோயில் கல்வெட்டில் ராஜசிம்ம பல்லவன் சைவ சித்தாந்த நெறியில் உயிரைப் பற்றிய மலம் நீங்கியவன் என்று பாடப்படுகிறான். 8ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு அரசன் அந்த நெறியோடு தன்னைச் சேர்த்துக்கொண்டான் என்பதற்கு இது எந்தப் பத்ததியையும்விட நேரடியான ஆதாரம்.

பயிற்சி பக்கம் போக நினைப்பவர்களுக்கு

படிப்பதற்குத் தீட்சை தேவையில்லை. செய்வதற்குத் தேவை என்று நூல்களே சொல்கின்றன. புத்தகத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து மந்திரம் ஜபிப்பவர்களைக் குலார்ணவம் மிகக் கடுமையாகவே கண்டிக்கிறது. ஆகவே இரண்டு வேலைக்கும் நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பீஜ மந்திரங்கள் கண்ணில் பட்டால் அவை எங்கே வருகின்றன, சடங்கில் என்ன வேலை செய்கின்றன என்று குறித்துக்கொள்வது படிப்பு. அதைக் கண்ணாடி முன் உட்கார்ந்து உருப்போடுவது நூல் கேட்காத வேலை.

தீட்சை தருகிறேன் என்று ஒருவர் வந்தால் நான்கு கேள்வி போதும். எந்த மரபு, உங்களுக்குத் தந்தவர் யார், எந்த நூல் அல்லது பத்ததிப்படி, தீட்சைக்குப் பின் நான் தினம் செய்ய வேண்டியது என்ன? உண்மையான மரபில் கடைசிக் கேள்விக்குத்தான் மிக நீண்ட பதில் வரும்: சந்தி, ஜப எண்ணிக்கை, உணவு விலக்கு, சாகும் வரை விடக்கூடாத நியமம். தினக் கடமை எதுவுமில்லாமல் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் தீட்சைக்கு இந்த நூல்களில் இடம் தேடினால் கிடைக்காது. ஏழு சக்கரத்துக்கு ஏழு வானவில் நிறம் காட்டினாலும் அப்படியே. நூல்களில் சக்கர எண்ணிக்கையே மரபுக்கு மரபு மாறும், நிறமும் மாறும். ரகசியம் என்று சொல்லி உடல் நெருக்கத்தையோ, வீட்டாரிடம் மறைப்பதையோ, பெரும் பணத்தையோ கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அதற்கு எந்த நூலையும் புரட்ட வேண்டாம். சீடன் குருவைச் சோதிக்க வேண்டும் என்று நூல்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன, குருவும் சீடனைச் சோதிக்கக் காலம் எடுத்துக்கொள்வார்.

எந்தத் தீட்சையும் இல்லாமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆகம முறையில் பூசை நடக்கும் சிவன் கோயிலில், கூட்டமில்லாத காலச் சந்திக்கு முன்னதாகப் போய் நில்லுங்கள். தீபாராதனைக்கு வெகுமுன்னால், குருக்கள் கிழக்கோ வடக்கோ பார்த்து உட்கார்ந்து, கைகளைத் தேய்த்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, தலை, முகம், மார்பு என்று கை போகும். பலரும் அவர் தயாராகிறார் என்று நினைத்து வெளியே பிராகாரம் சுற்றப் போய்விடுவார்கள். கரநியாசம், அங்கநியாசம் என்று நீங்கள் பத்ததியில் படித்தது அதுதான்.